கூட்டம் பாதியில் திரும்பினால் மினிட்ஸில் எதை எழுதுவது?

திருப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பேக்கிங் மீட்டிங்குக்கு மினிட்ஸ் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஸ்வெட்ஷர்ட் ஆர்டர். அட்டைப்பெட்டிக்கு 36 பீஸ் போடலாம் என்று ஆரம்பத்தில் பேசினார்கள். கால் மணி நேரம் கழித்து ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்து, பெட்டியின் எடை பையர் கொடுத்த 15 கிலோவைத் தாண்டுகிறது என்றார். உடனே 24 பீஸ் என்று மாறியது. நான் இரண்டையும் எழுதினேன். நடந்த வரிசைப்படி, ஒன்றுவிடாமல். முதல் வரியில் 36, ஏழாவது வரியில் 24.

பேக்கிங் செக்‌ஷனில் இருந்தவர் முதல் வரியைப் படித்ததுமே பெட்டிக்குச் சொல்லிவிட்டார். 300-க்கும் மேற்பட்ட பெட்டிகள் தப்பான அளவில் வந்து இறங்கின. போய்க் கேட்டதற்கு, "நீங்கதானுங்க தம்பி எழுதியிருக்கீங்க" என்று தாளைக் காட்டினார். அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. வேலை செய்கிற இடத்தில் இருப்பவர், தன் பெயரோ தன் செக்‌ஷன் பெயரோ வருகிற முதல் வரியைத்தான் படிப்பார். ஏழாவது வரி வரைக்கும் போக அவருக்கு நேரம் கிடையாது.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை, புதிதாக மெர்ச்சண்டைசிங்குக்கோ ஆபீஸுக்கோ வந்து மினிட்ஸ் நோட்டைக் கையில் வாங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பனியன் கம்பெனிக் கூட்டத்தை வைத்துத்தான் சொல்லப்போகிறேன், எனக்குத் தெரிந்த இடம் அதுதான்.

நோட்டை எப்படிப் பிரிப்பது

கூட்டத்துக்குப் போகும் முன் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் பேச்சுக்கு, யார் என்ன சொன்னார், எத்தனை மணிக்கு என்று சுருக்கமாக. வலப்பக்கம் முடிவுக்கு மட்டும். வலப்பக்கத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் எண் போட்டு, கீழே நாலு விரல் அளவுக்கு இடம் விட்டு எழுதுங்கள். அந்தக் காலி இடம் எதற்கு என்று பின்னால் புரியும்.

நேரத்தைக் குறிப்பது வீண் வேலை போலத் தோன்றும். ஒரே விஷயத்தில் இரண்டு முடிவு இருக்கும்போது எது பிந்தியது என்று தீர்மானிக்க அது ஒன்றுதான் உதவும். மாலையில் உட்கார்ந்து ஞாபகத்தில் இருந்து எழுதினால், முதலில் கேட்டதுதான் மனசில் அழுத்தமாக நிற்கும். திருத்தம் வருகிற நேரத்தில் டீயும் வந்திருக்கும், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"சரிங்க" என்றால் சம்மதம் இல்லை

வெளியூரில் இருந்து வந்தவர்கள் நம் பக்கத்தில் முதலில் ஏமாறுவது இந்தச் சொல்லில்தான். கொங்கு நாட்டில் "சரிங்க" என்பது பெரும்பாலும் "நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டேன்" என்று அர்த்தம். எதிரில் பேசுகிறவருக்குக் கொடுக்கும் மரியாதை அது. ஒருவர் யோசனை சொல்ல, முதலாளி "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினால் முடிவெடுத்துவிட்டார் என்று வலப்பக்கத்தில் எழுதிவிடாதீர்கள். "பார்த்துக்கலாமுங்க" என்பது இன்னும் மோசம். பல சமயம் அது வேண்டாம் என்பதை மனம் நோகாமல் சொல்கிற விதம்.

அப்படியானால் முடிவை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? நான் கவனிப்பது ஒன்றே ஒன்று: பேச்சு ஆள், நாள், அளவு பக்கம் நகர்ந்ததா? "பேட்டர்னை மாத்திக்கலாம்" என்பது யோசனை. "மாஸ்டர், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேட்டர்னை மாத்திக் கொடுத்துருங்க" என்பது முடிவு. அதையும் அந்த விஷயத்தில் சொல்ல உரிமை உள்ளவர் சொல்லியிருக்க வேண்டும். தேதியை மாற்றுவது முதலாளியோ ஃபேக்டரி மேனேஜரோ. துணியை ஏற்பதும் தள்ளுவதும் தரம் பார்க்கும் க்யூசி. எங்கள் கம்பெனியில் அப்படி. உங்கள் இடத்தில் யார் என்பதைச் சேர்ந்த முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு கூட்டத்தை முழுதாகப் பார்ப்போம்.

திங்கட்கிழமைக் கூட்டம்

ஆண்கள் டி-ஷர்ட், 12,000 பீஸ். வெள்ளை 5,000, நேவி 7,000. துணி 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 160 கிராம் எடை. மீடியம் சைஸில் நீளம் 70 செ.மீ., கூடக் குறைய 1 செ.மீ. வரை பையர் ஒப்புக்கொள்வார். துவைத்தால் நீளவாக்கில் 5% வரை சுருங்கலாம், அதற்கு மேல் கூடாது. கட்டிங் ஆரம்பிக்கும் முன் எல்லா செக்‌ஷனையும் கூட்டி வைத்துப் பேசும் பி.பி. மீட்டிங் இது. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது.

10:12. நேவி துணியின் டெஸ்ட் ரிப்போர்ட் வந்திருக்கிறது. துணியில் 50 செ.மீ. குறித்துத் துவைத்துக் காயவைத்து அளந்ததில் 46 நிற்கிறது. அதாவது 8% சுருக்கம். கட்டிங் மாஸ்டர் சொல்கிறார்: "பேட்டர்ன்லயே 2 சென்டி கூட்டிப் போட்டுக்கலாமுங்க. துவைச்சா சரியா வந்து நிக்கும்." முதலாளி ஒப்புக்கொள்கிறார். உடனே வேலைகள் பிரிகின்றன. பேட்டர்ன் மாஸ்டர் செவ்வாய் மாலைக்குள் புதுப் பேட்டர்ன் தர வேண்டும். நீளம் கூடுவதால் ஆவரேஜ், அதாவது ஒரு பீஸுக்கு ஆகும் துணி, ஏறும். நேவிக்குத் தேவையான 1,400 கிலோவில் 3%, அதாவது 42 கிலோ கூடுதல் துணி ஒதுக்க வேண்டும். நீளத்தை மாற்றுவது பற்றிப் பையிங் ஆபீஸுக்கு மெர்ச்சண்டைசர் மெயில் அனுப்ப வேண்டும். கட்டிங் வியாழக்கிழமை.

ஆள், நாள், அளவு எல்லாம் வந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் இது முடிவுதான். வலப்பக்கத்தில் எழுத வேண்டியதுதான்.

10:25. பேட்டர்ன் மாஸ்டரும் ஒரு சூப்பர்வைசரும் எழுந்து போகிறார்கள். அவர்கள் விஷயம் முடிந்துவிட்டது.

10:40. க்யூசி உள்ளே வருகிறார். நேவி ஒரே லாட் இல்லை, இரண்டு லாட்டாகச் சாயம் போட்டது. இரண்டாவது லாட்டின் ரிப்போர்ட்டை அப்போதுதான் கொண்டுவருகிறார். அதில் 50 செ.மீ. 47.5 ஆகியிருக்கிறது. சுருக்கம் 5% மட்டும். அந்த லாட் அப்படியே நன்றாக இருக்கிறது. பேட்டர்னை நீட்டினால் முதல் லாட் சரியாகும், இரண்டாவது லாட் நீளமாகிவிடும். அவர் இன்னொன்றும் சொல்கிறார். இந்த ஆர்டரில் துவைத்து அனுப்பும் வேலை இல்லை, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் துவைக்காத பீஸைத்தான் டேபிளில் போட்டு அளப்பார்கள். 70 இருக்க வேண்டிய இடத்தில் 72 நின்றால் அங்கேயே ஃபெயில்.

(கட்டிங் மாஸ்டரின் யோசனை முட்டாள்தனமானது இல்லை. தைத்த பிறகு துவைத்து அனுப்பும் கார்மென்ட் வாஷ் ஆர்டர்களில் சுருக்கத்துக்குப் பேட்டர்னில்தான் இடம் விடுவார்கள். அவர் முந்தின சீசன் முழுக்க அந்த ஆர்டரே ஓட்டியவர்.)

10:50-க்குள் கூட்டம் திரும்பிவிட்டது. முதல் லாட்டை, துணியை முன்னாலேயே சுருக்கிக் கொடுக்கும் காம்பாக்டிங்குக்குத் திரும்ப அனுப்புவது, நேவி கட்டிங்கை அடுத்த திங்களுக்குத் தள்ளுவது, வெள்ளை முன்பு சொன்னபடி வியாழன்.

திருப்பத்தைப் பிடிப்பது

இதில் ஒரு சங்கதி கவனியுங்கள். "முன்னாடி எடுத்த முடிவை ரத்து பண்றோம்" என்று அந்த அறையில் யாருமே சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். பெரியவர் ஒருவரின் யோசனையை எல்லோர் முன்னாலும் வெட்டிப் பேசுவது நம் பக்கத்து வழக்கம் இல்லை. புது வழியைப் பேச ஆரம்பிப்பார்கள், பழையது தானாகக் கீழே விழுந்துவிடும். அதனால்தான் நோட்டில் அது விழாமல் நிற்கிறது.

நான் காது கொடுப்பது இரண்டு இடங்களில். முடிந்துபோன விஷயத்தின் பேர், இங்கே 'நேவி', மறுபடி காதில் விழுந்தால் பேனாவை எடுத்துவிடுவேன். அப்புறம், கூட்டத்தில் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு தகவல் வருகிறதா என்று பார்ப்பேன்: ஒரு ரிப்போர்ட், ஒரு போன், பையரின் மெயில். திருப்பங்களில் பெரும்பாலானவை இப்படி ஒரு புதுத் தகவலின் பின்னால்தான் வருகின்றன. தகவல் எதுவும் இல்லாமல் பேச்சு மட்டும் வேறு பக்கம் போனால், அது பெரும்பாலும் ஆற்றாமையாகவோ அரட்டையாகவோ முடிந்து, பழைய முடிவே நிற்கும்.

திரும்பியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். புது ஆள் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. "அப்ப மாஸ்டர் சொன்னது வேண்டாங்களா?" என்று கேட்டால் மாஸ்டருக்குச் சங்கடம், முதலாளிக்கும் சங்கடம், "பார்த்துக்கலாமுங்க" என்று பதில் வரும். ஆளை விட்டுவிட்டுப் பொருளைக் கேளுங்கள். "நேவிக்குப் பேட்டர்ன் பழைய அளவேதானுங்களா சார்? எழுதிக்கிறேன்." இதற்கு ஆமாம், இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

திரும்பியது உறுதியானதும் வலப்பக்கத்துக்குப் போய், பழைய முடிவின் மேல் ஒற்றைக் கோடு போடுங்கள். கிறுக்கி அழிக்காதீர்கள், அடியில் இருப்பது படிக்கிற மாதிரி இருக்கட்டும். பக்கத்தில் 10:50 என்று நேரம் போட்டு, விட்டு வைத்த காலி இடத்தில் புது முடிவை எழுதுங்கள். வேறு பக்கத்தில் எழுதினால் மாலையில் இரண்டும் தனித்தனி முடிவுகளாகத் தெரியும், இரண்டையும் டைப் அடித்துவிடுவீர்கள்.

வால்கள்

முதல் முடிவு தனியாக இருந்தால் வேலை இத்தோடு முடிந்தது. அது எப்போதும் நாலைந்து வால்களோடுதான் இருக்கும். இங்கே பேட்டர்ன் மாஸ்டருக்குச் சொன்ன வேலை, 42 கிலோ துணி, பையிங் ஆபீஸ் மெயில், வியாழக்கிழமைக் கட்டிங். தலையை வெட்டிவிட்டு வால்களை அப்படியே விடுவதுதான் நான் அதிகம் பார்த்த தப்பு. மினிட்ஸின் முதல் பாராவில் "காம்பாக்டிங்குக்கு அனுப்ப வேண்டும்" என்று சரியாக இருக்கும், கீழே வேலைப் பட்டியலில் "புதுப் பேட்டர்ன் - செவ்வாய்" என்று அப்படியே நிற்கும்.

அதனால் ஒவ்வொரு வாலையும் தொட்டு, இது விழுந்ததா, நிற்கிறதா, மாறியதா என்று கேட்க வேண்டும். சிலது சுலபம். பேட்டர்ன் மாற்றம் விழுந்தது. கட்டிங் தேதி மாறியது, அதுவும் நேவிக்கு மட்டும். வெள்ளைக்கு வியாழன் நிற்கிறது. "கட்டிங் திங்களுக்குத் தள்ளப்பட்டது" என்று மொட்டையாக எழுதினால் வெள்ளையும் சேர்ந்து நின்றுபோகும். நாலு நாள் கட்டிங் டேபிள் சும்மா கிடக்கும்.

மெயில்? நீளம் மாறவில்லை என்பதால் மெயில் தேவையில்லை. ஆனால் மெர்ச்சண்டைசர் சுறுசுறுப்பானவராக இருந்தால் 10:30-க்கே லேப்டாப்பில் அடித்து அனுப்பியிருப்பார். "அனுப்பியாச்சுங்களா?" என்று கேளுங்கள். அனுப்பியிருந்தால், அதைத் திரும்பப் பெற்று எழுதுவது மினிட்ஸில் ஒரு புது வேலையாக வரும்.

42 கிலோ துணி விஷயத்தில்தான் அன்றைக்கு நானே ஏமாறப் பார்த்தேன். பேட்டர்ன் நீளவில்லை என்றால் கூடுதல் துணி எதற்கு? கோடு போடப் போனேன். பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது: "துணி 42 கிலோ சேர்க்கச் சொன்னீங்க, அது இனி வேண்டாங்களா?" கட்டிங் மாஸ்டர், "வேண்டாமுங்க, எதுக்கு?" என்றார். ஃபேப்ரிக் இன்சார்ஜ், "இருங்க இருங்க" என்றார்.

காம்பாக்டிங் மெஷின் என்ன செய்கிறது? நீராவி காட்டித் துணியை நீளவாக்கில் நெருக்கி, துவைத்தால் சுருங்க வேண்டியதில் ஒரு பங்கை முன்னாலேயே சுருக்கிக் கொடுக்கிறது. 8% சுருங்கும் துணியை 5%-க்குக் கொண்டுவர, நீளத்தில் ஏறத்தாழ 3% நெருக்க வேண்டும். நீளம் குறைகிறது, எடை அதேதான். அப்படியென்றால் 160 ஜிஎஸ்எம் துணி 165 ஆகிவிடும். பையர் ஜிஎஸ்எம்மில் 5% கூடக் குறைய ஒப்புக்கொள்வதால் 168 வரை தாங்கும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் அதே பேட்டர்னுக்கு ஒரு பீஸ் 3% எடை கூடுதலாகத் துணி தின்னும். பேட்டர்னை நீட்டினாலும் 3%, துணியை நெருக்கினாலும் 3%. கூடுதல் துணி எப்படியும் வேண்டும்.

எவ்வளவு என்பது மட்டும் மாறியது. முதலில் நேவி முழுவதற்கும், 1,400 கிலோவுக்கும் கணக்குப் போட்டார்கள். இப்போது காம்பாக்டிங்குக்குப் போவது முதல் லாட் மட்டும், 700 கிலோ. அதில் 3% என்றால் 21 கிலோ.

ஆக முடிவு தலைகீழானபோது இரண்டு வால்கள் விழுந்தன, ஒன்று பாதி மாறியது, ஒன்று வேறு காரணத்தோடும் வேறு எண்ணோடும் உயிரோடு நின்றது. இதை நான் சொந்தமாகக் கணக்குப் போட்டு எழுதியிருந்தால் அதுவும் தப்பு. சரியாகவே வந்திருந்தாலும் தப்பு. கூட்டத்தில் சொல்லாத எண்ணை மினிட்ஸில் எழுத நமக்கு உரிமை கிடையாது. கேள்வியைக் கேட்பதுதான் நம் வேலை, எண்ணை அவர்கள் வாயில் இருந்து வர வைக்க வேண்டும்.

எழுந்திருக்கும் முன் இரண்டு நிமிஷம்

கூட்டம் கலையும்போது நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும் முன்பே, "ஒரு நிமிஷமுங்க சார், முடிவை மட்டும் படிச்சுர்றேன்" என்று சொல்லி வலப்பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கோடு போட்டதைப் படிக்க வேண்டாம், கோடு போடாததை மட்டும். கோடு போட்டதையும் படித்தால் பேச்சு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும். நான் ஒரு தடவை அப்படிப் படித்து இருபது நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

படிக்கும்போது ஒருவர் முகம் சுளித்தால் நிறுத்திக் கேளுங்கள். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுதான் அன்றைய இறுதி முடிவு.

பாதியில் எழுந்து போனவர்

பேட்டர்ன் மாஸ்டரை மறந்துவிட வேண்டாம். அவர் 10:25-க்குக் கிளம்பியவர். அவர் தலையில் இருப்பது முதல் முடிவு, அதுவும் முதலாளி வாயாலேயே கேட்டது. மினிட்ஸ் மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேரும்போது அவர் பேட்டர்னை வெட்டியே முடித்திருப்பார். சூப்பர்வைசரும் அதற்குள் கட்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் "நேவி பேட்டர்ன் மாறுது" என்று போட்டிருப்பார்.

யார் யார் எத்தனை மணிக்கு எழுந்து போனார்கள் என்று இடப்பக்கத்தில் குறித்து வைப்பது இதற்காகத்தான். திருப்பத்துக்கு முன் போனவர் ஒவ்வொருவருக்கும், மினிட்ஸ் டைப் அடிப்பதற்கு முன்பே, நேரில் போய்ச் சொல்லுங்கள் அல்லது போன் செய்யுங்கள். மெயில் போதாது. குரூப்பில் பழைய செய்தி போயிருந்தால், அதைப் போட்டவரையே அழிக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பதில் புது முடிவைப் போடச் சொல்லுங்கள். அழித்தால் மட்டும் பலன் இல்லை, பார்த்தவர்கள் பார்த்தாயிற்று.

டைப் அடிக்கும்போது

அன்றைய கூட்டத்தை நடந்த வரிசையில் எழுதினால் இப்படி வரும்:

> நேவி துணியில் சுருக்கம் 8% உள்ளதால் பேட்டர்னில் 2 செ.மீ. கூட்டலாம் என்று கட்டிங் மாஸ்டர் கூறினார். அது ஏற்கப்பட்டது. கூடுதலாக 42 கிலோ துணி தேவை. பின்னர் க்யூசி இரண்டாவது லாட்டின் ரிப்போர்ட்டைக் காட்டினார். விவாதத்துக்குப் பின் காம்பாக்டிங்குக்கு அனுப்பலாம் என்று பேசப்பட்டது.

ஒரு பொய்யும் இதில் இல்லை. ஆனால் பேட்டர்ன் மாற்றம் "ஏற்கப்பட்டது" என்று திடமாகவும், கடைசியில் உண்மையில் முடிவானது "பேசப்பட்டது" என்று தொளதொளவென்றும் நிற்கிறது. படிக்கிறவர் எதை நம்புவார்?

நான் அனுப்பியது இது:

> 1. நேவி லாட் 1 (700 கிலோ) மறுபடி காம்பாக்டிங்குக்குப் போகிறது. அனுப்புவது: ஃபேப்ரிக் இன்சார்ஜ், செவ்வாய் மாலைக்குள். திரும்பி வந்ததும் சுருக்கம் 5%-க்குள், ஜிஎஸ்எம் 168-க்குள் உள்ளதா என்று க்யூசி பார்த்த பிறகே கட்டிங்.
> 2. பேட்டர்னில் மாற்றம் இல்லை. கூட்டத்தின் முற்பகுதியில் சொன்ன 2 செ.மீ. நீட்டிப்பு கைவிடப்பட்டது. காரணம்: லாட் 2-இல் சுருக்கம் 5%தான், துவைக்காத அளவு 72 ஆகிவிடும்.
> 3. கட்டிங்: வெள்ளை வியாழன் (மாற்றம் இல்லை). நேவி இரண்டு லாட்டும் அடுத்த திங்கள்.
> 4. நேவிக்குக் கூடுதல் துணி 21 கிலோ, உபரியில் இருந்து. முதலில் சொன்ன 42 கிலோ அல்ல. ஒதுக்குவது: ஃபேப்ரிக் இன்சார்ஜ்.
> 5. நீளம் பற்றிப் பையிங் ஆபீஸுக்கு மெயில் தேவையில்லை.

கைவிட்ட யோசனை இதிலும் இருக்கிறது, ஆனால் இரண்டாம் எண்ணில், முடிவுக்குப் பின்னால், "மாற்றம் இல்லை" என்று முதலில் சொன்ன பிறகு. யார் சொன்ன யோசனை என்ற பேர் இல்லை. அது யாருக்கும் தேவையில்லை, அந்தப் பேர் நாலு மாதம் கழித்து ஒருவரைக் குத்திக்காட்டத்தான் பயன்படும். காரணம் ஒரு வரியில் இருக்கிறது, ஏனென்றால் அது இல்லாவிட்டால் அடுத்த வாரம் அதே யோசனையை இன்னொருவர் புதிதாகக் கொண்டுவருவார்.

கைவிட்டதை எல்லாம் எழுத வேண்டுமா என்றால், வேண்டாம். அதை நம்பி ஒருவர் வேலையைத் தொடங்கியிருக்க வாய்ப்பு இருந்தால் எழுதுங்கள். அறைக்குள்ளேயே பிறந்து அறைக்குள்ளேயே செத்த யோசனை, யாரும் எழுந்து போகவில்லை, யாருக்கும் செய்தி போகவில்லை என்றால், அதை மினிட்ஸில் ஏற்ற வேண்டாம். உங்கள் நோட்டின் இடப்பக்கத்தில் இருந்தால் போதும்.

வினைச்சொல்லையும் பாருங்கள். "அனுப்பலாம்" வேண்டாம், "போகிறது" அல்லது "அனுப்ப வேண்டும்" போடுங்கள். "லாம்" என்று முடிகிற ஒவ்வொரு வரியும் யோசனையாகத்தான் படிக்கப்படும். அனுப்பும் முன் மினிட்ஸில் "லாம்" எங்கே எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுவேன்.

போன வாரம் எடுத்த முடிவு இந்த வாரம் மாறினால்

இது வேறு கதை. ஒரே கூட்டத்துக்குள் மாறியது வெளியே போகாத வரை கூட்டத்தின் உள்விவகாரம். முந்தின கூட்டத்தின் முடிவு எழுத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை மாற்றும்போது "இன்ன தேதிக் கூட்டத்தின் இன்ன எண் முடிவுக்குப் பதிலாக" என்று எழுதியே ஆக வேண்டும், பழைய மினிட்ஸைத் திறந்து திருத்தக் கூடாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் டைரக்டர்கள் கூட்டம் என்றால் 2013 கம்பெனிச் சட்டத்தின் 118-ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அதை கம்பெனி செக்ரட்டரியோ ஆடிட்டரோ பார்த்துக்கொள்வார்கள். அந்த நோட்டில் நீங்கள் கை வைக்காதீர்கள்.

கூட்டம் முடிந்த பிறகு வரும் போன்

அன்றைக்கு மினிட்ஸ் அனுப்பி அரை மணி நேரம் ஆகியிருக்கும். முதலாளி போன் செய்தார். "லாட் ரெண்டு நல்லாத்தானே இருக்குது, அதை எதுக்குத் திங்கள் வரைக்கும் வச்சிருக்கணும்? வெள்ளையோட சேர்த்து வியாழனே வெட்டிரலாமுங்க" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் "லாமுங்க" என்று முடித்தார். "வியாழன்னு கட்டிங்குக்குச் சொல்லிரட்டுங்களா சார்?" என்று கேட்டேன். "சொல்லிருங்க" என்றார்.

அது கூட்டத்தின் முடிவு இல்லை, அதனால் அனுப்பிய மினிட்ஸின் மூன்றாம் எண்ணைத் திருத்தவில்லை. அதே மெயிலுக்குப் பதிலாகத் தனியாக எழுதினேன்: "கூட்டத்துக்குப் பின், மாலை 6:40, முதலாளி போனில்: நேவி லாட் 2 கட்டிங் வியாழன். மூன்றாம் எண்ணில் இந்த ஒன்று மட்டும் மாறுகிறது. லாட் 1 அடுத்த திங்களேதான்." அனுப்பிவிட்டுக் கட்டிங் மாஸ்டருக்குப் போன் போட்டேன். "படிச்சனுங்க தம்பி, ரெண்டு லாட்டுக்கும் பேட்டர்ன் பழசுதானுங்களே?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.